குழந்தை தலையில் அடிபட விழுந்தால்: முதல் ஆறு மணி நேரமும் ஸ்கேன் பற்றிய முடிவும்

விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடி வரும் பெற்றோர் முதலில் காட்டுவது நெற்றியில் எழும்பிய வீக்கத்தைத்தான். மருத்துவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விழுந்ததும் அழுதாளா? வழியில் என்ன பேசினாள்? உங்களுக்கு அவள் எப்போதும்போல இருப்பதாகத் தோன்றுகிறதா?" என்று வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். பெற்றோருக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் வெளியே தெரியும் வீக்கத்தை வைத்து உள்ளே என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது. நெற்றித் தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம், அடியில் கெட்டியான எலும்பு. அதனால் சின்ன இடிக்கே பெரிதாகப் புடைத்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. மூளைக்கு அடிபட்டதா என்பதைக் குழந்தையின் நடத்தைதான் காட்டும். அதைக் கவனிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் ஐந்து நிமிடம்

விழுந்த சத்தம் கேட்டதும் வாரித் தூக்கத்தான் கை போகும். ஒரு நொடி பொறுத்து, குழந்தை கை கால் அசைக்கிறதா, அழுகிறதா என்று பாருங்கள். உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, கழுத்து வலிக்கிறது என்றாலோ, கை காலை அசைக்காவிட்டாலோ தூக்க வேண்டாம். கிடந்த நிலையிலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். படுத்தபடி வாந்தி எடுத்தால் மட்டும், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி ஒருக்களித்துத் திருப்ப வேண்டும்.

உடனே வீறிட்டு அழுவது நல்ல அறிகுறி. விழுந்ததும் சில நொடி சத்தமே இல்லாமல் துவண்டு கிடந்து அப்புறம் அழுதிருந்தால் அதை நினைவில் வையுங்கள், மருத்துவர் கண்டிப்பாகக் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்துதான்.

தோல் கிழிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் மறுபடி வரும். அந்த இடத்தில் எலும்பு உள்ளே குழிந்திருப்பதுபோல் தெரிந்தால் அழுத்தாமல், மேலே துணியை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைக்கலாம். அதைத் தேய்த்துக் கரைக்க முயல வேண்டாம், தேய்த்தால் ரத்தக் கசிவு கூடும்.

யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே இல்லை.

- நினைவு தப்பியது, வலிப்பு வந்தது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை
- குழப்பமான பேச்சு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, யாரையும் அடையாளம் தெரியாதது, சமாதானப்படுத்தவே முடியாத அழுகை
- ஒரு பக்கக் கையோ காலோ தளர்வு, நடை தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது
- ஒரு தடவைக்கு மேல் வாந்தி, அல்லது நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும் தலைவலி
- மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீரோ ரத்தமோ கசிவது, காதுக்குப் பின்னால் கன்றிப்போவது

குழந்தைக்கு ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும், மூளையில் நீர் வடிய ஷன்ட் குழாய் வைத்திருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் சின்ன அடிக்கே காட்டிவிட வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒன்று. நெற்றியில் புடைத்த ரத்தம் ஓரிரு நாளில் மெல்லக் கீழிறங்கி இமையைச் சுற்றிக் கறுத்து வீங்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், குழந்தை நன்றாக இருந்தால் அது தானாகவே வடிந்துவிடும். நெற்றியில் அடியே இல்லாமல் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால் அது வேறு கதை. மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம்.

வயதும் அடிபட்ட இடமும்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் பெரிய குழந்தைக்கும் கணக்கு ஒன்றல்ல. சின்னக் குழந்தையால் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது, மண்டை எலும்பும் மெல்லியது. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் எந்த விழுகையாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, தலையில் எந்த இடம் என்பது. நெற்றியில் புடைத்தால் பெரும்பாலும் பயமில்லை. காதுக்கு மேலோ, பக்கவாட்டிலோ, பின்மண்டையிலோ புடைத்தால், அதுவும் தொட்டால் கெட்டியாக இல்லாமல் கொழகொழவென்று இருந்தால், அடியில் எலும்பு விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். பத்து மாதக் குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுகிறது. இரண்டு நிமிடம் அழுதுவிட்டுச் சிரிக்கிறது, பால் குடிக்கிறது. ஆனால் காதுக்கு மேலே மெத்தென்று ஒரு வீக்கம். இந்தக் குழந்தையைச் சிரிக்கிறதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நெற்றியில் கோலிக்குண்டு அளவு கெட்டியான புடைப்போடு ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு குழந்தையைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தலைமுடிக்குள் இருப்பதால் பலருக்கும் இது கண்ணில் படுவதில்லை. அதனால் விரல் நுனியால் தலை முழுவதும் மெல்லத் தடவிப் பாருங்கள்.

ஏன் பக்கவாட்டில் இத்தனை கவனம்? நெற்றிப்பொட்டை ஒட்டிய எலும்பு மண்டையோட்டிலேயே மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழும்போது அந்தக் குழாய் கிழிந்தால், எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். முதலில் குழந்தை நன்றாகவே இருக்கும், பேசும், விளையாடும். ரத்தம் சேரச் சேர மூளை நெருக்கப்படும்போதுதான் தலைவலி ஏறி, வாந்தி வந்து, மயக்கம் கூடும். நடுவில் வரும் இந்த நல்ல நேரம் சில மணி நேரம்கூட நீடிக்கும். "நன்றாகத்தானே இருந்தாள்" என்று பெற்றோர் சொல்வது இதனால்தான். அதனால் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிட முடியாது, மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கைக்குழந்தைக்கு உச்சிக்குழியையும் பாருங்கள். அழும்போது அது மேலெழும்புவது இயல்பு. அழுகை நின்று, நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் புடைத்து இறுகி இருந்தால் உடனே கிளம்ப வேண்டும்.

வீட்டில் எப்படிக் கவனிப்பது

மேலே சொன்ன எதுவும் இல்லை, உயரமும் குறைவு, குழந்தை பத்து இருபது நிமிடத்தில் தன் வழக்கத்துக்கு வந்துவிட்டது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். முதல் ஆறு மணி நேரம் ஒரு பெரியவர் கண்ணெதிரில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு நாளைக்கு ஒரு கண் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது நான்குதான்: பேச்சு, நடை, வாந்தி, விழிப்பு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது நேரங்கள் குழம்பிவிடும், பாட்டி சொல்வதும் அப்பா சொல்வதும் ஒத்துப்போகாது. முன்பைவிடத் தேறுகிறதா, மோசமாகிறதா என்ற போக்கைத்தான் மருத்துவர் தேடுகிறார்.

டார்ச் அடித்துக் கருவிழிப் பாவையைப் பார்ப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள். என் பார்வையில் வீட்டில் அதற்கு நேரம் செலவிட வேண்டியதில்லை. உள்ளே நெருக்கம் கூடி ஒரு பக்கப் பாவை பெரிதாகும்போது, குழந்தை அதற்கு முன்பே மயங்கத் தொடங்கியிருக்கும். இயல்பிலேயே இரண்டு பாவையும் கொஞ்சம் வேறுபட்ட அளவில் இருக்கும் குழந்தைகளும் உண்டு. டார்ச்சைத் தேடும் நேரத்தில் குழந்தையோடு பேசிப் பாருங்கள்.

அடுத்து, தூக்கம். "தூங்க விடாதே" என்று யாராவது சொல்லாமல் இருக்கவே மாட்டார்கள். அழுது களைத்த குழந்தை தூங்கத்தான் செய்யும், தூக்கம் மூளைக்குக் கெடுதல் செய்வதில்லை. கண்ணைத் தேய்க்கும் குழந்தையைக் கன்னத்தில் தட்டித் தட்டி விழிக்க வைத்தால் அது சிணுங்கும், எரிச்சலாகும். அப்புறம் அந்தச் சிணுங்கல் அடியால் வந்ததா, தூக்கமின்மையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். தூங்கட்டும். ஆனால் எழுப்பினால் எழ வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

பகல் தூக்கம் என்றால் ஒரு மணி நேரம் கழித்து எழுப்பிப் பாருங்கள். முதல் இரவில் நீங்கள் படுக்கப் போகும்முன் ஒரு தடவையும் நடு இரவில் ஒரு தடவையும் பார்த்தால் பொதுவாகப் போதும், மருத்துவர் வேறு இடைவெளி சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். தோளைத் தொட்டு அசைத்தால் முனகுகிறதா, கையைத் தட்டிவிடுகிறதா, புரண்டு படுக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோபித்துக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்துகிற குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. அசைத்தும் துவண்டே கிடந்தால் உடனே ஆம்புலன்ஸ்.

வலிக்குப் பாராசிட்டமால் தரலாம். ஒரு வேளைக்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 16 கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்புகள் வெவ்வேறு அடர்த்தியில் வருவதால் எத்தனை மில்லி என்பதைப் பாட்டிலைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள். ரத்தக் கசிவு இல்லை என்று தெளிவாகும்வரை ஐபுப்ரோஃபெனைத் தவிர்ப்பது நல்லது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மருந்து கொடுத்தும் வலி ஏறினால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

ஒரு மாலை, மணிவாரியாக

நான்கு வயதுக் கயல் என்று வைத்துக்கொள்வோம். மாலை 4:30க்கு மேசைமேல் ஏறி நின்றவள் சறுக்கித் தரையில் விழுகிறாள். உயரம் முக்கால் மீட்டர் இருக்கும். உடனே அழுகிறாள். நெற்றியில் புடைப்பு. பத்து நிமிடத்தில் அழுகை அடங்கி மடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

5:00க்கு ஒரு வாந்தி. அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. விழுந்த பயத்திலும் அழுத வேகத்திலும் குழந்தைகள் ஒருமுறை வாந்தி எடுப்பது உண்டு. வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே ஒரு வாந்தி என்றால் உள்ளே பெரிய காயம் இருப்பது அரிது. ஆனாலும் சந்தேகப் பட்டியலில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மருத்துவரை அழைக்கிறார்கள், "கூட்டி வாருங்கள், பார்த்துவிடலாம்" என்கிறார்.

5:40க்கு மருத்துவமனை. கயல் தன் பெயர், தம்பி பெயர் சொல்கிறாள், எதிலிருந்து விழுந்தாள் என்று தெரிகிறது, ஒற்றைக் காலில் நிற்கிறாள். மருத்துவர் தலையைத் தடவிப் பார்க்கிறார், காதுக்குப் பின்னால் பார்க்கிறார், கழுத்தைத் திருப்பச் சொல்கிறார். விழிப்பை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 15க்கு 15. "இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம், பத்தரை வரை இங்கேயே இருங்கள்" என்கிறார். அப்பாவுக்கு ஏமாற்றம். எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதியாகப் போகலாமே என்று நினைக்கிறார்.

7:00க்குக் கொஞ்சம் தண்ணீர், பிஸ்கட். தங்குகிறது. 8:00க்குத் தூங்குகிறாள், அது அவள் வழக்கமாகத் தூங்கும் நேரம்தான். 9:00க்கு நர்ஸ் எழுப்பினால் சிணுங்கி அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். 10:30க்கு மறுபடி பரிசோதனை, எல்லாம் அப்படியே. அடிபட்டு ஆறு மணி நேரம் ஆயிற்று, வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இதே மாலையில் 6:30க்கு இன்னொரு வாந்தியும் 7:00க்கு இன்னொன்றும் வந்து, "நான் ஏன் இங்கே இருக்கேன்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டிருந்தால், பத்தரை வரை காத்திருக்க மாட்டார்கள். ஏழு மணிக்கே ஸ்கேன் அறைக்குப் போயிருப்பாள்.

ஸ்கேன் யாருக்கு?

இந்த முடிவுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் விதிகளில் ஒன்று, வட அமெரிக்காவில் 25 அவசரப் பிரிவுகளில் 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009இல் வெளியான பெகார்ன் ஆய்விலிருந்து வந்தது. அது குழந்தைகளை மூன்றாகப் பிரிக்கிறது.

விழிப்பில் மாற்றம், கைக்குத் தட்டுப்படும் எலும்பு முறிவு, மண்டையோட்டு அடிப்பகுதி முறிவின் அறிகுறி என்று ஏதாவது இருந்தால் முதல் வகை. இவர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேருக்கு உள்ளே கவலைக்குரிய காயம் இருந்தது. உடனே சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

நடு வகையில் வயதுக்கு ஏற்பக் கேள்விகள் மாறும். இரண்டு வயதுக்கு மேல் என்றால் நினைவு தப்பியது, வாந்தி, கடும் தலைவலி, ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து விழுந்தது. இரண்டு வயதுக்குள் என்றால் பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ வீக்கம், ஐந்து நொடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியது, சுமார் 90 சென்டிமீட்டருக்கு மேலிருந்து விழுந்தது, "இவன் வழக்கம்போல இல்லை" என்று பெற்றோர் சொல்வது. ஆம், அம்மா அப்பாவின் உணர்வு இந்த விதியில் ஓர் அதிகாரபூர்வ அளவுகோல். தயங்காமல் சொல்லுங்கள். இந்த வகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் காயம் இருந்தது. இங்கே ஸ்கேனா, காத்திருப்பா என்பதை மருத்துவரும் பெற்றோரும் பேசி முடிவெடுக்கலாம். ஒரே ஓர் அறிகுறி என்றால் காத்திருப்பது வழக்கம். ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, காத்திருக்கும்போது மோசமானாலோ, குழந்தை மிகச் சிறியது என்றாலோ ஸ்கேன் பக்கம் சாய்வார்கள். கயல் இந்த வகைதான், ஒரே அறிகுறியோடு.

இவை எதுவுமே இல்லாத மூன்றாவது வகையில், இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் இரண்டாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதற்குக் கீழ் வயதில் ஐயாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்களுக்கு ஸ்கேன் தேவையில்லை.

எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது, வளரும் உடம்பு கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும். பிரிட்டனில் நடந்து 2012இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டில், பத்து வயதுக்குள் தலை ஸ்கேன் எடுத்த பத்தாயிரம் பேரில், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். மிகச் சிறிய ஆபத்துதான். தேவைப்படும் குழந்தைக்கு இதைக் காரணம் காட்டி ஸ்கேனை மறுக்கக் கூடாது. தேவையில்லாத குழந்தைக்கு நிம்மதிக்காக எடுக்கவும் வேண்டாம். சின்னக் குழந்தை அசையாமல் படுக்காவிட்டால் மயக்க மருந்தும் தர நேரலாம். மண்டை எக்ஸ்ரே எலும்பை மட்டும்தான் காட்டும், மூளைக் கசிவைக் காட்டாது என்பதால் அது ஸ்கேனுக்கு மாற்று ஆகாது.

ஸ்கேன் சுத்தமாக இருந்தும் பிள்ளை சரியில்லை என்றால்

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியில் ரத்தக் கசிவு இருக்காது. மூளை குலுங்கியதில் நரம்புச் செல்களின் வேலை தற்காலிகமாகத் தடுமாறுகிறது. அதனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. "ஸ்கேன் நார்மல், அப்புறம் ஏன் தலை வலிக்கிறது என்கிறான், நடிக்கிறானோ?" என்ற சந்தேகம் இங்கேதான் வருகிறது. நடிப்பல்ல. தலைவலி, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, தலைசுற்றல், மறதி, தூக்கம் மாறுவது ஆகியவை அன்றே தொடங்கலாம், ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டலாம். பேச வராத குழந்தையில் காரணமில்லாத சிணுங்கல், சாப்பாட்டில் விருப்பமின்மை, பிடித்த பொம்மையைத் தொடாமை என்று தெரியும். இந்த அறிகுறிகள் மெல்லக் குறைந்துகொண்டே வர வேண்டும். கூடினால் மறுபடி மருத்துவமனைதான்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஃபோன், டிவி முடிந்தவரை வேண்டாம். ஆனால் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை, அது தேறுவதைத் தாமதப்படுத்துகிறது. மூன்றாம் நாளிலிருந்து நடக்கலாம், கொஞ்சம் படிக்கலாம். தலைவலி லேசாகக் கூடினால் சற்று நிறுத்திவிட்டுத் தொடரலாம். முதலில் பள்ளி, தேவையானால் அரை நாளாக. விளையாட்டு அதற்குப் பிறகு: நடை, மெதுவான ஓட்டம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் இருந்து பார்த்து ஏற வேண்டும். மோதல் உள்ள ஆட்டத்துக்கும் மரம் ஏறுவதற்கும் சைக்கிளுக்கும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னோர் அடி பட்டால் பாதிப்பு பல மடங்காகும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு மூளை வீங்கியதும் உண்டு.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பழையபடி ஆகிவிடுவார்கள். நான்கு வாரம் தாண்டியும் தலைவலியோ, மறதியோ, வகுப்பில் கவனம் நிற்காமையோ இருந்தால் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது முதல் நாள் எழுதிய அந்தக் காகிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.